தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டுமா?

விகிதமுறு சார்பின் வளைவரை தன் கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை வெட்டலாம். ‘நெருங்கும், ஆனால் ஒருபோதும் தொடாது’ என்ற பழகிப்போன விளக்கம் செங்குத்துத் தொலைத்தொடுகோட்டுக்குத்தான் பொருந்தும். அங்கே பகுதி பூச்சியமாகிவிடுவதால் சார்புக்கு மதிப்பே கிடையாது. வளைவரை அந்தக் கோட்டில் கால்வைக்க வழியில்லை. கிடைமட்டக் கோட்டின் கதை வேறு. x மிகப் பெரிதாகும்போதோ, எதிர்த்திசையில் வெகுதூரம் போகும்போதோ சார்பின் மதிப்பு எதை நெருங்குகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நடுவில் வளைவரை எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அது எந்தத் தடையும் விதிப்பதில்லை.

f(x) = (2x² + x − 7)/(x² − x − 2) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். தொகுதிக்கும் பகுதிக்கும் படி 2. முதல் உறுப்புகளின் கெழுக்கள் 2, 1 என்பதால் தொலைத்தொடுகோடு y = 2. வளைவரை அதை எங்கே சந்திக்கிறது என்று அறிய, f(x) = 2 என்று எழுதித் தீர்த்தால் போதும்:

2x² + x − 7 = 2(x² − x − 2)

வலப்பக்கத்தை விரித்தால் 2x² − 2x − 4. இருபுறமும் உள்ள 2x² அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது 3x = 3, அதாவது x = 1. அங்கே பகுதியின் மதிப்பு −2, பூச்சியமில்லை. f(1) = (−4)/(−2) = 2. ஆக, (1, 2) என்ற புள்ளியில் சந்திப்பு நிகழ்கிறது.

சந்திப்பதெல்லாம் வெட்டுவதாகாது, இருபுறமும் ஒரு மதிப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். f(0) = 3.5, கோட்டுக்கு மேலே. f(1.5) = 0.8, கீழே. இடையில் பகுதி எங்கும் பூச்சியமாகவில்லை, எனவே வளைவரை கோட்டை வெட்டியே இறங்குகிறது. மாறாக, x²/(x⁴ + 1) என்ற சார்பு y = 0 என்ற தன் தொலைத்தொடுகோட்டை x = 0இல் தொட்டுவிட்டு மேலேயே திரும்பிவிடும்.

வெட்டிய பிறகும் நெருங்குதல் கெடுவதில்லை. முதல் சார்பிலிருந்து 2ஐக் கழித்தால் (3x − 3)/(x² − x − 2) கிடைக்கிறது. வளைவரைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி இதுதான். x = 100 எனில் அது ஏறக்குறைய 0.03. இந்தத் தொகுதியின் படி எப்போதும் பகுதியின் படியைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே, சார்பு மாறிலியாக இல்லாதவரை, பகுதியின் படி n எனில் சந்திப்புகள் n − 1ஐத் தாண்டாது. கடைசிச் சந்திப்புக்குப் பிறகு வளைவரை கோட்டைத் திரும்பத் தொடுவதே இல்லை. 1/x போல இடைவெளியின் தொகுதி வெறும் மாறிலியானால், சந்திப்புக்கே இடமில்லை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. (x − 1)/(x² − 1) என்பதை 0-க்குச் சமப்படுத்தினால் x = 1 என்று விடை வரும். ஆனால் அங்கே பகுதியும் பூச்சியம். சுருக்கினால் சார்பு 1/(x + 1) ஆகிறது; x = 1இல் வளைவரையில் ஒரு துளை, அதுவும் 1/2 உயரத்தில். கோட்டை அது தொடவே இல்லை. கிடைத்த x மதிப்பைப் பகுதியில் இட்டுப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.