பசித்தவர் ஏன் வள்ளென்று விழுகிறார்?

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 36 இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். துப்பாக்கி ஏந்த மாட்டோம், யாரையும் கொல்ல மாட்டோம் என்று கொள்கைக்காக ராணுவத்தில் சேர மறுத்தவர்கள் அவர்கள். பட்டினியில் வாடும் ஐரோப்பிய மக்களை மீண்டும் எப்படித் தேற்றுவது என்று கண்டறிய ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். அதற்குத் தங்கள் உடம்பையே கொடுக்க இவர்கள் முன்வந்தார்கள்.

முதல் மூன்று மாதம் வயிறாரச் சாப்பாடு. அடுத்த 24 வாரம் அரைப் பட்டினி. நாளுக்கு இரண்டே வேளை, சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மக்ரோனி, ரொட்டி என்று அன்றைய ஐரோப்பாவில் கிடைத்த உணவுதான் தட்டில் விழுந்தது. ஆறு மாதத்தில் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்துபோனது.

எடை குறையும் என்பது ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததுதான். வியப்பைத் தந்தது அவர்களுடைய சுபாவத்தில் வந்த மாற்றம். ஒருவர் ரொட்டியைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி நெடுநேரம் தின்பார். இன்னொருவர் தட்டை நக்கித் துடைப்பார். அதைப் பார்த்து அடுத்த நாற்காலிக்காரருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்! பரிமாறத் தாமதமானால் கோபம், கூட இருப்பவர் சாப்பிடும் விதம் பிடிக்காமல் கோபம். மனநலம் உட்பட எல்லாம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், வன்முறையே கூடாது என்று வாழ்ந்தவர்கள், ஒரு தட்டு ஓசைக்காகச் சிடுசிடுத்தார்கள். பசியில் எரிந்து விழுவதைக் குணக்கேடு என்று எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மாதக்கணக்கில் பட்டினி கிடந்தால் சரி, மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனதற்கே ஏன் சுள்ளென்று கோபம் வருகிறது?

மூளை நம் எடையில் இரண்டு சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ். அதைச் சேர்த்து வைக்க மூளையில் பெரிதாக இடமும் இல்லை. அதனால் சர்க்கரை இறங்கத் தொடங்கினாலே உடம்பு சும்மா இருப்பதில்லை. முதலில் இன்சுலின் சுரப்பு குறைகிறது. பிறகு குளுகோகான் என்ற ஹார்மோன் வந்து, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையைத் திறந்துவிடச் சொல்கிறது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகப் போக, அட்ரினலினும் கார்டிசாலும் கூடுகின்றன. அட்ரினலின் சண்டைக்கு நிற்கும்போது சுரக்கும் அதே ஹார்மோன். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். கோபத்துக்கு வேண்டிய உடல்நிலை தயாராகிவிடுகிறது, கோபப்பட ஒரு காரணம்தான் பாக்கி.

‘சுகர் குறைஞ்சுடுச்சு, அதான் கத்தறான்’ என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அது பாதிக் கதை. ஆரோக்கியமானவருக்கு ஒரு வேளை தள்ளிப்போனதால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கல்லீரல் தாங்கிப் பிடித்துவிடும். ஜெர்மனியில் அண்மையில் ஆரோக்கியமானவர்களின் உடம்பில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைப் பொருத்தி, நான்கு வாரங்கள் அவர்களுடைய பசியையும் மனநிலையையும் குறித்து வாங்கினார்கள். சர்க்கரை குறைந்தபோது மனநிலையும் கெட்டது உண்மைதான். ஆனால் ‘பசிக்கிறது’ என்று அவர்கள் உணர்ந்ததன் வழியாகத்தான் அது கெட்டது. ரத்தத்தில் நடப்பதற்கும் வாயில் வரும் வார்த்தைக்கும் நடுவே, மனம் அதை எப்படி வாசிக்கிறது என்ற ஒரு படி இருக்கிறது.

அந்தப் படியைத்தான் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் மெக்கார்மாக்கும் கிறிஸ்டன் லிண்ட்குவிஸ்டும் பிடித்துப் பார்த்தார்கள். 200-க்கும் மேற்பட்ட மாணவர்களில் சிலரைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள், மற்றவர்களைப் பட்டினியாக வரச் சொன்னார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் உணர்ச்சிகளைப் பற்றி யோசித்து எழுதும் பயிற்சி கொடுக்கப்பட்டது. பிறகு எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் சலிப்பூட்டும் ஒரு நீண்ட வேலை. அது முடியப்போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோகும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். நின்றதும் ஆய்வாளர் உள்ளே வந்து, பழியை மாணவர் மேலேயே போடுவார். கடைசியில் மாணவரிடம் இரண்டு விஷயங்கள் கேட்கப்பட்டன. இப்போது உங்கள் மனம் எப்படி இருக்கிறது? அந்த ஆய்வாளர் எப்படிப்பட்டவர்?

பட்டினியாக வந்தவர்கள் ஆத்திரமும் வெறுப்பும் அதிகமென்று சொன்னார்கள், ஆய்வாளர் கடுமையானவர் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் இப்படிச் சொன்னது எழுத்துப் பயிற்சி செய்யாத பட்டினிக்காரர்கள்தான். தங்கள் உணர்ச்சியைச் சற்று முன் கவனித்திருந்தவர்கள், அதே பசியோடு இருந்தும் அந்த அளவுக்குக் கொதிக்கவில்லை. இதே ஆய்வாளர்கள் இணையவழி நடத்திய இன்னொரு சோதனையில், மனதைச் சங்கடப்படுத்தும் படம் முன்னால் வந்தபோது மட்டுமே பசி தீர்ப்பைக் கசப்பாக்கியது. நல்ல படம் வந்தபோது பசித்தவரும் பசியாதவரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். பசி ஓர் இன்னதென்று தெரியாத சங்கடம். எதிரே உரசலாக எதுவும் கிடைத்தால் மனம் அந்தச் சங்கடத்தை அதன் தலையில் கட்டிவிடுகிறது. எதிரே நிற்பது பெரும்பாலும் வீட்டு மனிதர் என்பதால் அடி வாங்குவதும் அவரே.

இதுவரை சொன்னது ஆரோக்கியமானவர்களைப் பற்றி. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இந்தக் கோபத்தை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், கல்லீரலின் காப்பு போதாமல் சர்க்கரை நிஜமாகவே விழலாம். மதியம் இரண்டரை மணி. குழம்பில் உப்பு கம்மி என்று அமைதியான மனிதர் திடீரென்று கத்துகிறார். நெற்றியெல்லாம் வியர்வை. மனைவி, ‘‘என்னங்க, முதல்ல இந்தச் சர்க்கரைத் தண்ணியைக் குடிங்க’’ என்றால், ‘‘எனக்கு ஒண்ணுமில்ல, பேசாம போ’’ என்று தம்ளரைத் தள்ளிவிடுகிறார். அந்த மறுப்பே ஓர் அறிகுறியாக இருக்கலாம். 54-க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறும், தனக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் போகலாம்.

அப்போது வாதாடக் கூடாது. வீட்டில் கருவி கைக்கெட்டினால் விரலில் குத்திப் பார்க்கலாம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை, ஏறியபின் சாப்பாடு. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது. குளுக்கோஸ் பவுடர்தான் தர வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.