விண்ணிலிருந்து ஒரு படம் – 5: கீச்சொலியில் இருந்து மேகம்

என்.ஓ.ஏ.ஏ-19 வானிலைச் செயற்கைக்கோள் 137.1 மெகாஹெர்ட்ஸில் அனுப்பியதை எஃப்.எம். ரிசீவரில் பிடித்து, கணினியில் ஒலிக்கோப்பாகச் சேமிப்பது வரை சென்ற வாரம் பார்த்தோம். 2025-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதன் பதிவுகள் பலரிடம் பத்திரமாக இருக்கின்றன. அப்படி ஒன்றைத் திறந்து, படத்தை வெளியே எடுப்பதுதான் இந்த வாரத்து வேலை.

கோப்பில் கேட்பது 2400 ஹெர்ட்ஸ் கீச்சொலி. அதுதான் கேரியர். படத்தின் வெளிச்சம் முழுவதும் அந்த ஒலியின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. வெள்ளை மேகம் வந்தால் ஒலி உரக்க எழும், கரிய கடல் வந்தால் அடங்கும். அலையின் உச்சிகளைத் தொட்டபடி மேலே ஒரு கோடு வரைந்தால் அதுவே படத்தின் வெளிச்சக் கோடு. அதைத்தான் அலையின் உறை என்கிறோம்.

உச்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஆகாதா என்று தோன்றும். நம் கோப்பில் வினாடிக்கு 11025 சாம்பிள்கள். 2400 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சிக்கு நாலரைக்குச் சற்று கூடுதலாகத்தான் சாம்பிள் கிடைக்கும். அவற்றில் ஒன்று சரியாக உச்சியில் விழும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒரு சாம்பிளின் மதிப்பு 0.25 என்றால், அது சிறிய அலையின் உச்சியா, பெரிய அலையின் சரிவா? தெரியாது. அலையின் அளவு, அது சுழற்சியில் நிற்கும் இடம் என்று தெரியாதவை இரண்டு. கையில் இருக்கும் எண்ணோ ஒன்றுதான்.

பழைய ரேடியோக்களில் இதற்கு டையோடு இருந்தது. அலையின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒரு கண்டன்சர் வழுவழுப்பாக்கும். கணினியில் அதன் நகலாகப் பலர் செய்வது, எல்லாச் சாம்பிள்களின் மைனஸ் குறியையும் நீக்கிவிட்டு, லோ-பாஸ் ஃபில்டரில் விடுவது. இங்கேதான் சிக்கல். குறியை நீக்கினால் அலையில் கூர்முனைகள் முளைக்கும். அந்த முனைகளில் 4800, 9600 ஹெர்ட்ஸ் என்று கேரியரின் மடங்குகள் பிறக்கும். வினாடிக்கு 11025 சாம்பிள் உள்ள கோப்பில் 9600 ஹெர்ட்ஸுக்கு இடமே இல்லை. அது மடங்கி வந்து, 11025-ல் 9600 போக 1425 ஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொள்ளும். நம் படமோ வினாடிக்கு 4160 புள்ளிகள், அதாவது 2080 ஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பது. விருந்தாளி நடுவீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு வாசல் கதவைச் சாத்தி என்ன பயன்? அதன் அளவும் சாதாரணமல்ல, படத்தின் சராசரி வெளிச்சத்தில் சுமார் 13 சதவீதம். படத்தில் மெல்லிய பின்னல் போலத் தெரியும். முதலிலேயே சாம்பிள் விகிதத்தை உயர்த்திக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அதைவிட நேரான வழி ஒன்று உண்டு.

இல்லாத அந்த இரண்டாவது எண்ணை உண்டாக்கிக்கொள்வதுதான் வழி. 1946-ல் டென்னிஸ் கபோர் முன்வைத்த யோசனை இது. அலையை அப்படியே ஒரு பிரதி எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கால் சுழற்சி, அதாவது 90 டிகிரி, பின்தள்ள வேண்டும். அளவு மாறக்கூடாது. அசல் கொசைன் என்றால் பிரதி சைன். இரண்டையும் ஒரு கலப்பெண்ணின் இரு பகுதிகளாக வைத்தால் கிடைப்பது அனலிட்டிக் சிக்னல். அதன் நீளம்தான் உறை.

எண்களில் பார்ப்போம். உண்மையான அளவு 0.5 என்றும், அலை 60 டிகிரியில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அசல் 0.25, பிரதி 0.433. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 0.5. அடுத்த சாம்பிளுக்குள் அலை 78.4 டிகிரி நகர்ந்து 138.4-க்குப் போய்விடும். அசல் −0.374, பிரதி 0.332. மறுபடியும் 0.5. உச்சிக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு சாம்பிளிலும் விடை கிடைக்கிறது. கேரியர் சரியாக 2400 தானா, எங்கே தொடங்கியது என்ற கவலையும் இல்லை.

பிரதி எடுக்கும் குவாட்ரேச்சர் ஃபில்டர் பார்க்க எளிமையானது. நடு எண் பூஜ்யம், இரட்டை இடங்களெல்லாம் பூஜ்யம், ஒற்றை இடங்களில் 2/(πn). நிரலில் x என்பது நம் கோப்பின் சாம்பிள்கள்.

```python
import numpy as np
n = np.arange(-31, 32)
h = np.zeros(63)
odd = n % 2 == 1
h[odd] = 2 / (np.pi * n[odd])
h *= np.hamming(63)
x = x - x.mean()
q = np.convolve(x, h, 'same')
env = np.hypot(x, q)
```

63 என்பது எங்கிருந்து வந்தது? கேரியருக்கு இருபுறமும் படம் 2080 ஹெர்ட்ஸ் விரிவதால், சிக்னல் 320 முதல் 4480 வரை பரவியிருக்கும். அந்தக் கீழ் விளிம்பான 320 ஹெர்ட்ஸ்தான் தொல்லை. பூஜ்யத்துக்கு அருகே இந்த ஃபில்டர் எப்போதும் பலவீனம். நீளம் கூடக் கூடத்தான் பலம் கீழே இறங்கும். ஹாமிங் ஜன்னலோடு 320 வரை இறங்க ஏறத்தாழ 57 எண்கள் வேண்டும், 63 சற்றுத் தாராளம். பதினைந்து எண்களோடு நிறுத்தினால் மேகத்தின் பெரிய உருவம் வரும், கரையோரம் போன்ற நுணுக்கமான இடங்கள் பிசகும். நுண்ணிய விவரங்கள்தான் கேரியரிலிருந்து தொலைவில், விளிம்பில் இருப்பவை. படத்தின் அகலம் 2400-ஐத் தாண்டியிருந்தால் எத்தனை எண்கள் போட்டாலும் பலன் இருக்காது. உறை கேரியரைவிட மெதுவாக மாறினால்தான் இந்தக் கணக்கே நிற்கும் என்பதை 1963-ல் பெட்ரோசியன் நிறுவினார். 2080-க்கும் 2400-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறைவுதான், ஆனால் போதும்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபில்டர் பிரதியை 31 சாம்பிள் தாமதமாகத் தரும், எனவே அசலையும் அதே 31 சாம்பிள் தாமதிக்க வேண்டும். மேலே உள்ள 'same' அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. நாமே எழுதும்போது 30 என்று போட்டுவிட்டால் 78 டிகிரிப் பிழை. ஒரே அளவில் நிற்க வேண்டிய உறை, உண்மை மதிப்பில் 14 சதவீதத்துக்கும் 141 சதவீதத்துக்கும் இடையே துள்ளும். வெறும் 10 டிகிரிப் பிழைக்கே 91-க்கும் 108-க்கும் இடையே ஆடும்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது படத்தை அல்ல, உறையின் ஸ்பெக்ட்ரத்தை. சரியாக வந்த உறையில் 2080-க்கு மேல் லேசான இரைச்சலைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது. 4800-ல் ஒரு கம்பம் நின்றால் 90 டிகிரி பிசகியிருக்கிறது, அல்லது அசல், பிரதி இரண்டின் அளவும் ஒன்றாக இல்லை. 2400-ல் நின்றால் சவுண்ட் கார்டு அலையோடு ஒரு நிலையான மதிப்பையும் சேர்த்துப் பதிந்திருக்கிறது. ஃபில்டர் அதைப் பிரதியில் அழித்துவிடும், அசலில் அது அப்படியே தங்கிவிடும். நிரலில் சராசரியைக் கழித்தது அதற்காகத்தான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் கருப்பு முழுக் கருப்பாக வராது. நீளம் என்பது மைனஸில் போகாத எண். அலையே இல்லாத இடத்தில்கூட இரைச்சலுக்கு ஒரு நீளம் உண்டு. அசலிலும் பிரதியிலும் இரைச்சலின் திட்ட விலக்கம் 0.04 என்றால், உறை பூஜ்யத்தில் அல்லாமல் 0.05-ல் நிற்கும். இந்தச் செயற்கைக்கோள் கேரியரை 87 சதவீதத்துக்கு மேல் பண்பேற்றம் செய்ததில்லை என்பதால் அலை முற்றாக அணைவதில்லை, ஆகவே நல்ல பதிவில் இது கண்ணில் படாது. செயற்கைக்கோள் தொடுவானத்தில் எழும்போதும் மறையும்போதும் பதிவான வரிகளில் மட்டும் கடல் சாம்பல் நிறமாகும். வர்க்கத்திலிருந்து இரைச்சலின் பங்கைக் கழித்துவிட்டு மூலம் எடுத்தால் ஓரளவு சீராகும். நான் கழிப்பதில்லை. தொடுவானத்து வரிகளில் இரைச்சல் நொடிக்கு நொடி மாறும், எதைக் கழிப்பது?

உறை கிடைத்துவிட்டது, ஆனால் அது இன்னும் ஒரே நீளமான எண் வரிசைதான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 1040 ஹெர்ட்ஸில் ஏழு துடிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவதை அடுத்த வாரம் பார்ப்போம்.