இரட்டிப்பான பணத்தில் இருபது சதவீத நஷ்டம்

ஒருவரிடம் 2 ஈதர் இருக்கிறது. கூடவே, ஒன்றுக்கு ஒரு டாலர் என்று நிற்கும் யுஎஸ்டிசி காயின் 2,000 இருக்கிறது. ஈதர் விலை 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 4,000 டாலர். வாலட்டில் சும்மா கிடப்பதைவிட யூனிஸ்வாப் பூலில் போட்டால் கட்டணத்தில் பங்கு கிடைக்குமே என்று இரண்டையும் போடுகிறார். பிறகு ஈதர் 4,000 டாலருக்கு ஏறுகிறது. பூலில் அவருடைய பங்கு இப்போது 8,000 டாலர். போட்டது இரட்டிப்பாகிவிட்டது என்று அவர் மகிழலாம். ஆனால் வாலட்டைத் தொடாமலே இருந்திருந்தால் 10,000 டாலர் இருந்திருக்கும்.

இந்த 2,000 டாலர் வித்தியாசத்தைத்தான் ‘இம்பர்மனென்ட் லாஸ்’ என்கிறார்கள். யாரும் திருடவில்லை, மென்பொருளிலும் பிழையில்லை. பூல் வேலை செய்யும் விதமே இதுதான்.

பூல் என்பது ஆளில்லாத கடை. இருப்பை வைத்தே அது விலை சொல்லும். யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் விதி ஒன்றே ஒன்று: இரண்டு காயின்களின் எண்ணிக்கையைப் பெருக்கி வரும் தொகை, விற்பனையின்போது குறையக் கூடாது. நம் ஆளின் பங்கில் அது 2 × 2,000, அதாவது 4,000. யுஎஸ்டிசியை ஈதரால் வகுத்தால் வருவது அந்த நேரத்து விலை.

வெளிச்சந்தையில் ஈதர் ஏறினாலும் பூலுக்கு அது தெரியாது. பழைய விலையிலேயே நிற்கும். இதற்காகவே காத்திருக்கும் ஆர்பிட்ரேஜ் வியாபாரிகள், பெரும்பாலும் அவர்களுடைய கணினி நிரல்கள், மலிவாகக் கிடைக்கும் ஈதரை வாங்கிக்கொண்டே போவார்கள். பூலின் விலையும் 4,000 ஆகும்போதுதான் நிறுத்துவார்கள். அப்போது நம் ஆளின் பங்கில் மிச்சம் 1 ஈதர், 4,000 யுஎஸ்டிசி. பெருக்கினால் அதே 4,000. வகுத்தாலும் விலை 4,000. அதாவது அவருடைய ஒரு ஈதர் 2,000 டாலருக்குக் கைமாறிவிட்டது. இன்றைக்கு அதன் மதிப்பு 4,000. காணாமல் போன 2,000 இதுதான்.

விலை இறங்கினாலும் தப்பிக்க முடியாது. ஈதர் 250 டாலருக்கு விழுந்தால், விற்க வருகிறவர்கள் எல்லாரும் பூலில் கொட்டுவார்கள். அவர் பங்கில் 4 ஈதரும் 1,000 யுஎஸ்டிசியும் இருக்கும். மொத்தம் 2,000 டாலர். சும்மா வைத்திருந்தால் 2,500. மேலே போனாலும் கீழே போனாலும், நான்கு மடங்கு மாறினால் 20 சதவீத இழப்பு. இரண்டு மடங்கு என்றால் ஏறக்குறைய 5.7 சதவீதம், 25 சதவீத ஏற்றத்துக்கு ஒரு சதவீதம்கூட வராது. ஈதர் மறுபடி 1,000 டாலருக்கே வந்தால் இழப்பு முழுதாக மறைந்துவிடும். அது திரும்பும் முன் பணத்தை எடுத்தால் இழப்பு நிலைத்துவிடும். திரும்பியே ஆக வேண்டும் என்று விலைக்குக் கட்டாயம் எதுவுமில்லை.

சரி, கட்டணம் ஈடுகட்டாதா? ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 0.3 சதவீதம் பூலில் போட்டவர்களுக்குச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஆளின் 2,000 டாலர் இழப்பை அது நிரப்ப வேண்டுமானால், அவர் பங்கின் வழியாக மட்டும் சுமார் 6,67,000 டாலர் வியாபாரம் நடக்க வேண்டும். ஈதரை எடுத்துக்கொண்டு போன ஆர்பிட்ரேஜ்காரர்கள் கொடுத்த கட்டணமோ 6 டாலர் அளவுதான். விலை ஒரே திசையில் ஓடாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டு, வியாபாரமும் ஓயாமல் நடந்தால்தான் பூலில் போட்டவருக்கு லாபம்.

இரண்டு காயின்களும் சேர்ந்தே ஏறி இறங்கினால் இழப்பு குறையும். இரண்டு டாலர் காயின்கள் உள்ள பூலை அதனால்தான் பலர் நாடுகிறார்கள். அதிலும் ஒன்று சரிந்தால், சரிந்த காயின்தான் நம் பங்கில் குவியும். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது யுஎஸ்டிசியே 90 சென்ட்டுக்குக் கீழே போய், சில நாளில் மீண்டது.

திரையில் காட்டும் ஆண்டு வருமான விகிதத்தில் பொதுவாக இந்த இழப்பு கழிக்கப்பட்டிருக்காது. சரிபார்க்க எளிய வழி உண்டு. போட்ட அன்று இரண்டு காயினும் எத்தனை என்று குறித்துவைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை இன்றைய விலையால் பெருக்கி, இன்று பூலிலிருந்து எடுத்தால் கிடைப்பதோடு ஒப்பிட வேண்டும். போட்ட டாலர் தொகையோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. அதில் 800 முதல் 1,500 டாலர் வரை என்பதுபோல ஒரு விலை எல்லையை நாமே குறிக்கலாம். அந்த எல்லைக்குள் விலை இருக்கும்வரை, அதே பணத்துக்கு அதிகக் கட்டணம் கிடைக்கும். இழப்பும் அதே வேகத்தில் பெருகும். ஈதர் 1,500-ஐத் தாண்டிவிட்டால் கையிலிருந்த ஈதர் முழுவதும் விற்றுத் தீர்ந்து, வெறும் யுஎஸ்டிசிதான் மிஞ்சும். விலை மறுபடி எல்லைக்குள் வரும்வரை கட்டணமும் வராது.