கூலியின் பயணம் – 9: அன்றைய உழைப்பு, அன்றைய பணம்

அமெரிக்காவில் செயலி வழி வாடகைக் கார் ஓட்டுபவரின் வருமானம் வங்கிக் கணக்குக்குச் செல்லும் வழக்கமான பாதை, ஏ.சி.எச். எனப்படும் தொகுப்புத் தீர்வு முறையாகும். வங்கிகள் தத்தம் பற்று வரவு ஆணைகளைத் தனித்தனியாக அனுப்பாமல் கோப்புகளாகத் திரட்டி, வேலைநாள்களின் குறித்த நேரங்களில் மட்டும் பரிமாறிக்கொள்ளும் இம்முறையில், சனி, ஞாயிறுகளிலும் மத்திய அரசு விடுமுறைகளிலும் பணம் நகர்வதில்லை. இதன்மேல் நிறுவனத்தின் வாராந்தரக் கணக்கு முடிப்பும் சேரும்போது காத்திருப்பு நீள்கிறது. ஊபர் நிறுவனத்தின் வாரம் திங்கள் விடிகாலையில் முடிகிறது என்பதால், ஒரு செவ்வாய்க்கிழமை ஈட்டிய தொகை அடுத்த வாரத்தின் நடுவில்தான் ஓட்டுநரின் கணக்கை எட்டும். பெட்ரோலுக்கோ அவர் அன்றாடம் பணம் கொடுத்தாக வேண்டும்.

இந்த இடைவெளியைக் குறைக்க லிஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் இறுதியிலும் ஊபர் 2016இலும் உடனடிப் பட்டுவாடாவை அறிமுகப்படுத்தின. அவை ஏ.சி.எச். முறையை விரைவுபடுத்த முயலவில்லை. கடைகளில் பணம் செலுத்துவதற்காக அமைக்கப்பட்டிருந்த டெபிட் கார்டு வலையமைப்பை எதிர்த்திசையில் பயன்படுத்தின. கார்டிலிருந்து பணத்தை எடுக்கும் செய்திக்குப் பதிலாக, கார்டின் பின்னுள்ள கணக்கில் பணத்தை வரவு வைக்கச் சொல்லும் செய்தி அதே வலையமைப்பில் அனுப்பப்படுகிறது. விசா நிறுவனத்தின் ‘விசா டைரக்ட்’ இவ்வகைச் சேவையே. (இந்தியாவில் இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை, கணக்கிலிருந்து கணக்குக்கு எந்நேரமும் பணம் அனுப்பும் ஐ.எம்.பி.எஸ். 2010லேயே வந்துவிட்டது. அதற்கு ஈடான ஃபெட்நவ் சேவையை அமெரிக்க மத்திய வங்கி 2023இல்தான் தொடங்கியது.)

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதன் உள்ளமைப்பைக் காட்டும். செவ்வாய் இரவு 9 மணிக்கு ஓட்டுநர் ஒருவரின் செயலியில் 92 டாலர் இருப்பு இருக்கிறது என்றும், பட்டுவாடாக் கட்டணம் தொடக்க காலத்தில் இருந்ததுபோல் 50 சென்ட் என்றும் கொள்ளலாம். அவர் பணம் கேட்டவுடன், நிறுவனத்தின் பேரேடு முதலில் அந்த 92 டாலரை இருப்பிலிருந்து ஒதுக்கி வைக்கிறது. இல்லையெனில் அடுத்த நொடியில் அதே தொகையை அவர் மறுபடியும் கேட்கக்கூடும். பின்னர் தனிக் குறியெண்ணுடன் ஓர் ஆணை நிறுவனத்தின் வங்கிக்கும், அங்கிருந்து கார்டு வலையமைப்பு வழியாக ஓட்டுநரின் வங்கிக்கும் செல்கிறது. அந்த வங்கி ஒப்புதல் அளித்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், 91.50 டாலரை அவர் கணக்கில் வரவு வைக்கிறது.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் வங்கிகளுக்கிடையே ஒரு சென்ட்கூட நகர்ந்திருக்காது. வங்கிகள் தமக்குள் கணக்கு நேர்செய்வது பின்னர், வேலைநாளில்தான் நடக்கும். அதுவரை ஓட்டுநரின் வங்கி தன் பணத்தையே முன்கூட்டிக் கொடுத்திருக்கிறது. மறுபுறம், அன்றைய பயணிகளின் கார்டுகளில் கட்டணத்துக்கு ஒப்புதல் மட்டுமே கிடைத்திருக்கும்; அத்தொகை நிறுவனத்தின் கைக்கு வர ஓரிரு நாள்கள் ஆகும். ஆகவே ‘உடனடி’ என்று சொல்லப்படுவது பணத்தின் வேகமன்று. பணம் வந்து சேரும்வரை யாரோ ஒருவர் அதைத் தம் கையிலிருந்து ஈடுசெய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். இந்தச் சுமைக்காக நிறுவனம் தன் வங்கியில் முன்வைப்பு இருப்பு ஒன்றைப் பராமரிக்கிறது. ஓட்டுநர்கள் அதிகம் சம்பாதிக்கும் வெள்ளி, சனி இரவுகளில்தான் வங்கிகள் மூடியிருக்கின்றன என்பதால், வெள்ளி மாலைக்குள் மூன்று நாள்களுக்கான தேவையைக் கணித்து நிரப்ப வேண்டும். கணிப்புப் பிசகினால் ஞாயிறு இரவில் பட்டுவாடா நின்றுவிடும்.

கோளாறுகளில் சிக்கலானது மறுப்பன்று, மௌனமே. காலாவதியான கார்டு என்றால் மறுப்புச் செய்தி உடனே வரும், தொகை இருப்புக்குத் திரும்பும். ஆணை போன பிறகு பதிலே வராவிட்டால், பணம் சேர்ந்ததா இல்லையா என்பது தெரியாது. புதிய ஆணை அனுப்பினால் இருமுறை பணம் போகலாம். எனவே அதே குறியெண்ணைக் கொண்டு நிலையை விசாரிப்பதே சரியான வழி. ‘செயலாக்கத்தில்’ என்ற சொல் ஓட்டுநரின் திரையில் நெடுநேரம் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நிறுவனத்தின் பெயர் தாங்கிய வாலட்டில் பணத்தைப் பெற்றால் கட்டணமே இல்லை என்பது தாராள மனத்தால் வந்ததன்று. வாலட்டுடன் தரப்படும் டெபிட் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும், கடைக்காரர் தரப்பிலிருந்து கார்டு வழங்கிய வங்கிக்கு ‘பரிமாற்றக் கட்டணம்’ என்ற சிறு தொகை செல்கிறது. 2010ஆம் ஆண்டின் டர்பின் சட்டத் திருத்தம், 1,000 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் சொத்துள்ள வங்கிகளுக்கு இக்கட்டணத்தில் உச்சவரம்பு விதித்தது. அதைவிடச் சிறிய வங்கிகள் வரம்புக்கு வெளியே இருக்கின்றன. அதனால் இத்தகைய கார்டுகள் பெரும்பாலும் சிறிய வங்கிகளின் பெயரிலேயே வெளிவருகின்றன. ஓட்டுநர் பட்டுவாடாவுக்குக் கொடுக்காத 50 சென்ட்டை, அவர் பொருள் வாங்கும் கடை வேறு வழியில் கொடுத்துவிடுகிறது.

மாதச் சம்பளமோ இருவாரச் சம்பளமோ பெறும் ஊழியரின் நிலை இதனின்று வேறுபட்டது. ஓட்டுநரின் பணம் பயணியிடமிருந்து ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. ஊழியரின் பணமோ சம்பள நாள்வரை முதலாளியிடமிருந்து புறப்படவே இல்லை. இங்கு ‘ஈட்டிய ஊதிய முன்பெறல்’ எனும் ஏற்பாட்டின்கீழ் டெய்லிபே, பேஆக்டிவ் போன்ற இடைநிறுவனங்கள் செயல்படுகின்றன. அவை வருகைப் பதிவேட்டிலிருந்து வேலைசெய்த மணிகளைப் பெற்றுக்கொண்டு, வரியும் பிற பிடித்தங்களும் போக மிஞ்சக்கூடிய ஒரு பங்கை மட்டும் எடுக்க அனுமதிக்கின்றன. கேட்ட தொகை பல ஏற்பாடுகளில் இடைநிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்தே ஊழியரின் வாலட்டுக்கோ கார்டுக்கோ செல்கிறது. சம்பள நாளில் அது பிடித்துக்கொள்ளப்பட்டு மீதி ஊழியருக்கு வருகிறது.

சம்பளத்துக்கு ஏழு நாள் முன்பு ஒருவர் 100 டாலர் எடுத்து 3 டாலர் கட்டணம் செலுத்துகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் அது அற்பமாகவே தோன்றும். அதையே கடன் வட்டிபோல் ஆண்டுக்கணக்கில் பெருக்கினால் ஏறத்தாழ 156 விழுக்காடு ஆகிறது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, முதலாளிகளுடன் இணைந்து நடத்தப்படும் இச்சேவைகளில் இவ்விகிதம் சராசரியாக 109.5 விழுக்காடு என்றும், ஓர் ஊழியர் ஆண்டுக்குச் சராசரியாக 27 முறை பணம் எடுக்கிறார் என்றும் கண்டது. 27 என்ற எண்ணே ஆண்டு விகிதத்தைவிடக் கவனிக்கத்தக்கது: முன்பே எடுத்ததால் குறைந்துபோன சம்பளத்தை ஈடுகட்ட அடுத்த சுற்றிலும் எடுக்க வேண்டிய நிலைக்குச் சிலர் வந்திருக்கலாம் என்பதை அது உணர்த்துகிறது.

இது கடன் அன்று, ஈட்டிய பணமே என்றும், தாம் கொடுத்தது திரும்பாவிட்டாலும் ஊழியர் மீது வழக்குத் தொடர்வதில்லை என்றும் இடைநிறுவனங்கள் வாதிடுகின்றன. நெவாடா மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் இவ்வாதத்தை ஏற்று, உரிமம் பெற்று நடத்தும் இச்சேவையைக் கடன் வரையறையிலிருந்து விலக்கியது. அதன் அண்டை மாநிலமான கலிஃபோர்னியாவில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளோ, ஊழியர் பெறும் அத்தொகையைக் கடன் என்றே வகைப்படுத்தி, இடைநிறுவனங்கள் அரசிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்கின்றன.