விருந்தாளிகள் வந்தால் செலவு இரட்டிப்பாகுமா?

மே மாத விடுமுறைக்கு ஊரிலிருந்து மூன்று பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் பதினான்கு நாள் தங்க வருகிறார்கள். சென்னையில் நால்வர் வாழும் வீடு. ஆட்கள் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் மளிகையும் கேஸும் தண்ணீரும் ஒரே மாதிரி ஏறுவதில்லை.

மளிகை ஆட்களின் கணக்குப்படியே ஏறும். நால்வருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி என மாதம் 12,000 ரூபாய் ஆகிறது என்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். பிள்ளைகளை அரை ஆளாக எடுத்தால் வருபவர்கள் நான்கு பேர். பதினான்கு நாளுக்கு 5,600 ரூபாய். இரண்டு ஞாயிறுக்கும் கூடுதல் ஆட்டுக்கறி, மாலைப் பலகாரம், பழம் ஆகியவற்றுக்குத் தனியாக 3,000 வையுங்கள். பட்ஜெட் இடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது தொகையில்தான். எண்ணெயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எட்டுப் பேர் அளவுக்கு ஒரு லிட்டர் நாலு நாள் வரவேண்டும். இரண்டே நாளில் தீர்ந்தால் பொரிப்பு மிஞ்சிவிட்டது.

கேஸ் அந்த அளவுக்கு ஏறாது. குக்கரில் இரண்டு ஆழாக்குக்குப் பதில் நான்கு ஆழாக்கு அரிசி வைத்தால் நேரம் கொஞ்சம்தான் கூடும். தோசை அப்படியல்ல. எட்டுப் பேருக்கு முப்பது தோசை வார்க்க ஒரு மணி நேரம் அடுப்பு எரியும். அதே பேருக்கு இட்லி இரண்டு ஈடில் அரை மணிக்குள் முடிந்துவிடும். 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வரும் வீட்டில், செலவு அறுபது சதவீதம் கூடினாலும் பதினான்கு நாளில் கூடுதலாக எரிவது சுமார் 2.7 கிலோ. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 170 ரூபாய்தான். பணத்தைவிட, நடுவில் தீர்ந்துபோவதுதான் தொல்லை. மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

தண்ணீரில் பிள்ளைகளும் முழு ஆள்தான். நகரங்களுக்குத் திட்டமிடும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொள்வார்கள். ஐந்து பேருக்குப் பதினான்கு நாளில் 9,450 லிட்டர். கிணறோ போரோ கைகொடுத்தால் மோட்டார் ஓடும் மின்சாரம்தான் செலவு. லாரித் தண்ணீரை நம்பும் வீட்டுக்கு 9,000 லிட்டர் லோடு ஒன்று கூடுதலாக வேண்டும். அதை 1,500 ரூபாய் என்று வைப்போம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் பதினெட்டு. கேன் 40 ரூபாய் என்றால் 720.

எல்லாம் சேர்த்தால் சுமார் 11,000 ரூபாய். இதில் முக்கால் பங்குக்கு மேல் மளிகைதான். உங்கள் வீட்டு விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து, அந்தத் தொகையை அவர்கள் வருமுன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.