இசையில் பொருள்: வடிவவாதமும் வெளிப்பாட்டுவாதமும்

வடிவவாதம், வெளிப்பாட்டுவாதம் ஆகியவை இசை அழகியலின் இரு எதிரெதிர் நிலைப்பாடுகள். இசையின் அழகும் பொருளும் அதன் ஒலியமைப்பிலேயே உள்ளன, அதற்கு வெளியே இசை எதையும் சொல்வதில்லை என்பது வடிவவாதம். இசை மனித உணர்வை வெளிப்படுத்துகிறது, அந்த உணர்வே அதன் பொருள் என்பது வெளிப்பாட்டுவாதம். இவ்விவாதம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் கோட்பாடாக உருப்பெற்றது. ஆனால் அதன் கேள்வி எந்த இசைக்கும் பொருந்தும். நாஞ்சில்நாட்டில் பிறந்த நீலகண்ட சிவனின் ஒரு கீர்த்தனையை முன்வைத்து இக்கட்டுரை அதை விளக்குகிறது.

விவாதத்தின் தோற்றம்

வியன்னாவைச் சேர்ந்த இசை விமர்சகர் எட்வர்ட் ஹான்ஸ்லிக் 1854-ல் இசையின் அழகு பற்றிய சிறிய நூல் ஒன்றை வெளியிட்டார். இசை உணர்ச்சிகளைச் சித்தரிக்கிறது என்று அன்று பரவலாக நம்பப்பட்டதை அந்நூல் மறுத்தது. கேட்பவர் மனம் நெகிழ்வதில்லை என்று ஹான்ஸ்லிக் சொல்லவில்லை. அந்த நெகிழ்ச்சி இசையின் உள்ளடக்கம் அல்ல என்றுதான் சொன்னார். இசையின் உள்ளடக்கம், அசைந்து செல்லும் ஒலி வடிவங்கள் மட்டுமே.

அவருடைய வாதத்தின் அடிப்படை எளிமையானது. ஓர் உணர்வு இன்ன உணர்வு என்று அறியப்படுவது அதனுள் இருக்கும் எண்ணத்தால். நம்பிக்கை என்பது இனி வரப்போகும் நல்ல நிலையைப் பற்றிய எண்ணம். ஏக்கம் என்பது இப்போது இல்லாத ஒன்றைப் பற்றிய எண்ணம். அந்த எண்ணத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு படபடப்பு, ஒரு தளர்வு, ஓர் எழுச்சி மட்டுமே. இசையால் அந்த வேகத்தையும் தளர்வையும் காட்ட முடியும், எண்ணத்தைக் காட்ட முடியாது. சான்றாக அவர் எடுத்துக்கொண்டது 1762-ல் அரங்கேறிய க்ளூக்கின் ‘ஓர்ஃபியோ’ இசைநாடகம். மனைவியை இழந்த நாயகன் அதில் பாடும் பாட்டு பல்லாயிரம் பேரை அழவைத்தது. ஆனால் இழந்தேன் என்ற இடத்தில் கண்டுகொண்டேன் என்று சொல்லை மாற்றினாலும் அதே மெட்டு கச்சிதமாகப் பொருந்தும் என்றார்.

மறுதரப்பின் தீவிரமான குரல் லியோ தல்ஸ்தோய். கலைஞன் தான் அடைந்த உணர்வைப் பிறருக்குத் தொற்றச் செய்வதே கலை என்பது அவர் கருத்து. கேட்பவரிடம் அந்த உணர்வு தொற்றவில்லை என்றால், வடிவம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் அது கலையாகாது.

நீலகண்ட சிவனின் முகாரி

நீலகண்ட சிவன் (1839-1900) நாகர்கோவிலை ஒட்டிய வடிவீஸ்வரத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்துடன் நெருங்கிய உறவு கொண்டவர். அங்குள்ள ஆலயத்தின் இறைவன் பெயரும் நீலகண்டசுவாமி. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தின் கரமனையில் வாழ்ந்தார். அங்கே சிறுவனாக அவருடைய பஜனைகளைக் கேட்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். நீலகண்ட சிவனின் கீர்த்தனைகளில் கச்சேரி மேடைகளில் அதிகம் ஒலிப்பவற்றுள் ஒன்று ‘என்றைக்கு சிவகிருபை’. இன்று அது முகாரி ராகத்தில் பாடப்படுகிறது.

முகாரி சோகத்தின் ராகம் என்பது தமிழகத்தில் இசை அறியாதவர்களுக்கும் தெரியும். ஓயாமல் புலம்புபவரிடம் ‘முகாரி பாடாதே’ என்கிறோம். சிவனருள் என்றைக்கு வரும் என்று ஏங்கும் ஒரு பாட்டு அந்த ராகத்தில் அமைந்திருப்பது மிகப் பொருத்தமானதாகத் தோன்றும். அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கிய ஒருவரிடம் இசைக்குப் பொருள் இல்லை என்று சொன்னால் சிரிப்பார்.

ஆனால் தியாகராஜரும் முகாரியில் பாடியிருக்கிறார். ‘காருபாரு’ ராமனின் நல்லாட்சியைப் போற்றும் பாட்டு. ‘எந்தனினே’ சபரியின் பெரும்பேற்றை வியப்பது. ‘சங்கீத சாஸ்திர ஞானமு’ இசையறிவின் பயனைச் சொல்வது. மூன்றிலும் அழுகை இல்லை. சபரியின் பேற்றைப் பாடும்போது பாடகர் சோகமாகப் பாடினால்தான் பிழை. ஹான்ஸ்லிக் க்ளூக்கின் பாட்டில் சொல்லை மாற்றிப் பார்த்ததை இங்கே மரபே செய்து வைத்திருக்கிறது. ஒரே ராகம், ஒன்றில் ஏக்கம், ஒன்றில் வியப்பு, ஒன்றில் பெருமிதம்.

ராகத்தின் உள்ளே பார்த்தாலும் சோகம் எங்கே இருக்கிறது என்று சுட்டுவது கடினம். முகாரியின் ஆரோகணம் ச ரி ம ப நி த ச. அவரோகணம் ச நி த ப ம க ரி ச. ஏறும்போது காந்தாரம் விடுபடுகிறது, நிஷாதத்தைத் தொட்டுவிட்டுத் தைவதத்திற்குத் திரும்பிய பிறகே மேல் சட்ஜமம் வருகிறது. ஏறுகையில் சதுஸ்ருதி தைவதம், இறங்குகையில் சுத்த தைவதம். பைரவி ராகத்திலும் இதே சுரங்கள்தான், இரண்டு தைவதங்கள் உட்பட. இறங்கும் வரிசையும் ஒன்றே. பைரவியை யாரும் ஒப்பாரி ராகம் என்பதில்லை. ஆகவே சோகம் சுரங்களில் இல்லை. இருக்குமென்றால் அவை நடக்கும் விதத்தில், காந்தாரத்தைத் தாண்டும் தாவலில், நிஷாதத்திலிருந்து பின்வாங்கும் வளைவில், ரிஷபத்திற்குக் கொடுக்கும் அசைவில் இருக்க வேண்டும். இந்த முடிவில் வடிவவாதிக்குப் பாதி வெற்றி. உணர்வைத் தேடிப் போனவர் கடைசியில் சுர வரிசையின் வடிவத்தில்தான் வந்து நிற்கிறார்.

பெயரும் உதவாது. 1550-ல் ராமாமாத்தியர் எழுதிய ‘ஸ்வரமேளகலாநிதி’யில் முகாரி என்பது எல்லாச் சுத்த சுரங்களும் கொண்ட முதல் மேளத்தின் பெயர். இன்றைய முகாரியின் சுரங்கள் வேறு.

முகத்தின் சாயல்

அப்படியானால் முகாரி கேட்டுக் கலங்குவது வெறும் பழக்கமா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்கத் தத்துவவாதி பீட்டர் கிவி 1980-ல் ஒரு நடுவழியை முன்வைத்தார். செயின்ட் பெர்னார்ட் நாயின் முகம் சோகமாகத் தெரிகிறது. அந்த நாய் சோகமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. தொங்கும் கன்னமும் தாழ்ந்த கண்ணும் சோகமான மனித முகத்தை ஒத்திருக்கின்றன, அவ்வளவே. இசையும் அப்படித்தான். மெல்ல நடப்பதும், தாழ்ந்து இறங்குவதும், நடுங்கித் தயங்குவதும் துயருற்ற மனிதனின் குரலையும் நடையையும் ஒத்திருப்பதால் அந்த இசையைச் சோகமானது என்கிறோம். பாடகர் சோகமாக இருக்கவேண்டியதில்லை, கேட்பவரும் சோகமடைய வேண்டியதில்லை. சோகம் இசையின் சாயல்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்தவருக்கு இது முற்றிலும் புதிதல்ல. அழுகை, நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளும் உடலில் புலப்படும் உணர்வுகள். உள்ளே இருப்பதை அல்ல, வெளியே தெரிவதையே அது கணக்கில் கொள்கிறது.

அசைவில்தான் சாயல் என்பதற்குச் சுசீந்திரத்திலேயே ஓர் எளிய சோதனை உண்டு. தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் உள்ள இசைத்தூண்களில் ஒன்றைத் தட்டினால் தூய்மையான சுரம் எழுகிறது. அது இனிமை என்போம், வியப்போம். சோகம் என்றோ மகிழ்ச்சி என்றோ எவரும் சொல்வதில்லை. தனிச்சுரத்திற்கு நடை இல்லை, ஆகவே முகமும் இல்லை.

இந்தச் சாயல் பண்பாட்டு எல்லையைத் தாண்டுகிறதா என்பதை 1999-ல் பால்க்வில், தாம்ஸன் ஆகிய இரு உளவியலாளர்கள் ஆராய்ந்தனர். இந்துஸ்தானி இசையை அறியாத மேலைநாட்டவர் சிலருக்கு ராகங்களின் பகுதிகளைப் போட்டுக் காட்டினர். மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றை அவர்களால் ஓரளவு சரியாகவே அடையாளம் காண முடிந்தது. வேகமும் மெட்டின் சிக்கலும் அவர்களுக்குத் துணை நின்றன. சாந்தத்தைக் கண்டுபிடிப்பதில்தான் தடுமாறினர். ஆகவே சாயலை உணர மரபுப் பயிற்சி கட்டாயமில்லை. ஆனால் அது தருவது பொதுவான சோகத்தை மட்டுமே. சிவனருள் வராத சோகம் அதில் இல்லை.

வில்லுப்பாட்டின் சாட்சி

இதே எல்லையை நாஞ்சில்நாட்டின் வில்லுப்பாட்டில் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். கொடை விழாவில் இசக்கி அல்லது சுடலைமாடன் கதை பாடப்படுகிறது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை கருவிகள். கதை உச்சத்தை நெருங்கும்போது உடுக்கையும் குடமும் விரைகின்றன, கோமரத்தாடி அருள்வந்து ஆடுகிறார். தாளமே அருளை வரவழைக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இதே கலையில் காந்தியின் கதையை நிகழ்த்தினார். வில்லும் குடமும் அவைதான். விரைவும் உண்டு. அங்கே மக்கள் சிரித்தார்கள், சிந்தித்தார்கள். அருள்வந்து ஆடுவதற்கான இடமே அது அல்ல. தாளம் உடலை ஆயத்தம் செய்கிறது. யார் வருகிறார் என்பதைச் சொல்வது கதையும், பூசையும், அந்தக் கோமரத்தாடி கதையைக் கேட்டு வளர்ந்த ஆண்டுகளும்.

சொல்லும் வடிவமும் சேரும் இடம்

இங்கே வடிவவாதி வென்றுவிட்டார் என்று நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அது அவசரம் என்றே தோன்றுகிறது. மறுபடியும் நீலகண்ட சிவனின் கீர்த்தனைக்கே வருவோம். கீர்த்தனையின் அமைப்பு பல்லவி, அனுபல்லவி, சரணம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். இது தூய வடிவ விதி, எல்லாக் கீர்த்தனைக்கும் பொது. ‘காருபாரு’வில் இந்தத் திரும்புதல் போற்றுதலை உறுதிசெய்கிறது. நீலகண்ட சிவனின் பல்லவியோ ஒரு கேள்வி. அனுபல்லவி முடிகிறது, மீண்டும் என்றைக்கு. சரணம் முடிகிறது, மீண்டும் என்றைக்கு. சங்கதிகள் ஒவ்வொன்றாக விரிந்து அதே கேள்வியில் வந்து நிற்கின்றன. விடை வரவில்லை என்று பாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பல்லவிக்குத் திரும்பும் விதியே அதைச் சொல்கிறது.

நம்பிக்கைக்கு எதிர்காலம் பற்றிய எண்ணம் தேவை, இசையிடம் அது இல்லை என்றார் ஹான்ஸ்லிக். என்றைக்கு என்ற ஒரு சொல் அந்த எண்ணத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. அது வந்தபின் காத்திருப்பின் நீளத்தைக் காட்டுவது இசை. சொல்லால் மட்டும் அது இயலாது. பாட்டை அச்சில் படிப்பவர் கேள்வியை அறிகிறார், பாடக் கேட்பவர் எத்தனை முறை கேட்டும் விடை கிடைக்காமல் இருப்பதை அறிகிறார்.

கருவியில் வாசிக்கும்போது என்ன ஆகிறது என்பதே எஞ்சும் சிக்கல். இக்கீர்த்தனையை ஒருவர் வயலினில் வாசித்தால், பாட்டை அறிந்தவருக்குச் சொற்கள் உள்ளே ஒலிக்கும், ஏக்கம் முழுமையாகவே கிடைக்கும். அறியாதவருக்கு முகாரியின் நடையும் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடக்க வரியும் கிடைக்கும். இருவர் காதிலும் விழுவது ஒரே ஒலி. அறியாதவர் கேட்பதுதான் இசை, மற்றது நினைவு என்பார் வடிவவாதி. கர்நாடக இசையில் வாத்தியக்காரரும் சாகித்தியத்தைப் பாடம் செய்த பிறகே வாசிக்கிறார், சொல் பிரியும் இடத்தை அறிந்தே வில்லை இழுக்கிறார். ஆகவே சொல்லின் தடம் அந்த ஒலியிலேயே பதிந்திருக்கிறது. அறியாதவர் கேட்பதும் சொல்லால் செதுக்கப்பட்ட ஒலியைத்தான்.