ஒப்பந்தங்களின் இறுதிச் சரத்துகள்

ஒப்பந்தங்களின் இறுதிச் சரத்துகள் என்பவை ஒப்பந்தப் பத்திரங்களின் முடிவில் ஏறத்தாழ ஒரே வடிவில் இடம்பெறும் பொது விதிகள் ஆகும். அவற்றுள் மூன்றை இந்திய வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம்.

முழு உடன்பாடு

பணியில் சேர்பவருக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தருவதாக நேர்காணலில் வாய்மொழியாகக் கூறப்பட்டது. பத்திரத்தில் அது இல்லை. எழுத்திலுள்ளதற்கு முரணான வாய்மொழிச் சான்றைப் பாரதிய சாட்சியச் சட்டம், 2023இன் 95ஆம் பிரிவு ஏற்பதில்லை. எனினும், பத்திரம் குறிப்பிடாத ஒன்றைப் பற்றிய தனி வாய்மொழி உடன்பாட்டை நிறுவ அப்பிரிவு இடமளிக்கிறது. "இப்பத்திரமே முழு உடன்பாடு" என்னும் சரத்து அவ்வழியை அடைப்பதற்கே எழுதப்படுகிறது. ஆயினும், மோசடியை நிறுவுவதற்கு இது தடையாகாது.

பிரித்தல்

பணி விலகியபின் இரண்டு ஆண்டுகள் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்னும் நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அதனை மட்டும் நீக்கி, ஊதியம், முன்னறிவிப்புக் காலம் போன்றவற்றை நிலைக்கச் செய்வது பிரித்தல் சரத்து ஆகும். ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கமே சட்டவிரோதமானதாயின் இச்சரத்து அதனைக் காப்பாற்றாது.

ஆளும் சட்டம்

ஒப்பந்தத்துக்கு எந்நாட்டுச் சட்டத்தின்படி பொருள்கொள்ள வேண்டும் என்பதை இச்சரத்து கூறுகிறது. வழக்கு எங்கு நடைபெறும் என்பது வேறு. அதற்கு நீதிமன்ற அதிகாரவரம்புச் சரத்து தனியே தேவை. உள்நாட்டு ஒப்பந்தங்களில், சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றங்களுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க இயலும். அதிகாரமில்லாத நீதிமன்றத்துக்கு உடன்பாட்டின் மூலம் அதிகாரம் அளிக்க இயலாது.